அவர் விட்டாரா, அது அவரை விட்டதா?
கதைப் பாத்திரம் மாறுவதை அடையாளம் காண்பது பற்றி

நமது சஞ்சிகைகளுக்கும் போட்டிகளுக்கும் வருகிற சிறுகதைகளில் ஒரு வாப்பா இருக்கிறார். மகளை மேற்படிப்புக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்பார். உம்மா அழுவார், மாமா வந்து கதைத்துப் பார்ப்பார், ஒன்றும் சரிவராது. கடைசிப் பக்கத்தில் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆசுபத்திரிக் கட்டிலில் கிடப்பார். மகள் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்வாள். வாப்பாவின் கண் கலங்கும். "நீ போய்ப் படி மகள்" என்பார். கதை முடிந்துவிடும்.

இந்தக் கதையை ஆதரித்துப் பேசுகிறவர்கள் சொல்லும் நியாயம், "பாத்திரம் மாறுது தானே" என்பதுதான். மாறும் பாத்திரம் இருந்தால் நல்ல கதை, மாறாத பாத்திரம் இருந்தால் பலவீனமான கதை என்று ஒரு கணக்கு எப்படியோ நம்மிடையே நிலைத்துவிட்டது. அந்தக் கணக்கில் இரண்டு கோளாறுகள் உண்டு. மாறாத பாத்திரத்தைக் குறைவானதாக நினைப்பது ஒன்று. மாற்றம் போலத் தெரிகிற எல்லாவற்றையும் மாற்றம் என்று நம்பிவிடுவது மற்றது.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1927இல் ஈ. எம். ஃபோர்ஸ்டர் நாவலைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளில் தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம் என்று பிரித்தார். ஒரே குணத்தால் ஆன பாத்திரம் தட்டை. நம்பத்தக்க விதத்தில் நம்மை வியக்க வைக்கக்கூடியது முழுமை. இந்தப் பிரிவும் மாறும் பாத்திரம், மாறாப் பாத்திரம் என்ற பிரிவும் ஒன்றல்ல. தட்டை, முழுமை என்பது ஒரு மனிசனுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றியது. மாறுவது, மாறாதது என்பது கதை தொடங்கும்போது இருந்த ஆள்தான் முடியும்போதும் இருக்கிறாரா என்பதைப் பற்றியது. ஆகவே ஒரு பாத்திரம் மிகவும் முழுமையாகவும் அதேவேளை கொஞ்சமும் மாறாததாகவும் இருக்கலாம். அப்படியான ஒருவரைத்தான் இங்கே எடுத்துக்கொள்ளப் போகிறேன். இரண்டாவது கோளாறையும் அவரை வைத்தே பார்க்கலாம்.

அவர் நஜீப் மஹ்பூழின் கெய்ரோ முந்நூலில் வருகிற ஸெய்யித் அஹ்மத் அப்துல் ஜவாத். 1956இலும் 1957இலும் வெளிவந்த மூன்று நாவல்கள் அவை: பைனல் கஸ்ரைன், கஸ்ருஷ் ஷவ்க், அஸ்ஸுக்கரிய்யா. மூன்றும் பழைய கெய்ரோவின் இடப்பெயர்கள். கதை 1917இல் தொடங்கி 1944 வரைக்கும் ஒரே குடும்பத்தோடு நடக்கிறது. நீண்ட காலம் ஒரு மனிசனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நமக்கு இடம் கிடைக்கிறது. மாற்றம் என்ற விசயத்தை ஆராய இதைவிட வசதியான நாவல் குறைவு.

அஹ்மத் பலசரக்கு வியாபாரி. வீட்டுக்குள் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. மனைவி அமீனா கணவன் அனுமதியின்றி வாசற்படி தாண்டியதில்லை. இரவானால் அதே மனிசன் நண்பர்களோடு குடியும் பாட்டும் பெண்களுமாக இருந்துவிட்டு நடுச்சாமத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருவார். அமீனா விழித்திருந்து, விளக்கைப் பிடித்துப் படியில் வெளிச்சம் காட்டி, அவருடைய சப்பாத்தைக் கழற்றுவாள். ஆனால் மஹ்பூழ் அவரை வெறும் வேஷக்காரராக வரையவில்லை. அவர் தொழுகிறபோது மெய்யாகவே தொழுகிறார். சிரிக்கிறபோது மெய்யாகவே சிரிக்கிறார். ஒன்றுக்கொன்று சேராத இரண்டு வாழ்க்கையையும் உறுத்தலில்லாமல் வாழ்கிற ஆள். ஃபோர்ஸ்டருடைய அளவுகோலில் முழுமையிலும் முழுமை.

முதல் நாவலின் நடு முள் ஒரு சின்ன விசயம். அஹ்மத் வியாபார விசயமாகப் போர்ட் ஸெய்த் போகிறார். பிள்ளைகள் உம்மாவைத் தூண்டுகிறார்கள்: இப்பவாவது ஒருக்கா ஹுஸைன் பள்ளிக்குப் போய் வாங்களேன். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட இடம், நடந்து போகக்கூடிய தூரம். கடைசி மகன் கமாலைக் கூட்டிக்கொண்டு அமீனா போகிறாள். திரும்பி வரும்போது ஒரு மோட்டார் கார் மோதி அவளுடைய தோள்பட்டை எலும்பு முறிகிறது. வாப்பாவிடம் சொல்வதற்குப் பிள்ளைகள் ஒரு பொய்யைத் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அவர் முன்னால் வந்ததும் அமீனாவால் அதைச் சொல்ல முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அஹ்மத் அந்த நேரம் ஒன்றும் செய்யவில்லை. எலும்பு பொருந்தி அவள் எழுந்து நடமாடும் வரைக்கும் காத்திருக்கிறார். பிறகு, வீட்டை விட்டுப் போ என்கிறார். அவள் தன் தாய் வீட்டுக்குப் போகிறாள்.

இந்த இடத்தில் ஓர் அவதானம் தேவை. அமீனா பொய் சொல்லாமல் உண்மையைச் சொன்னது பல வாசகருக்கு ஒரு திருப்பமாகத் தோன்றும். அது திருப்பம் அல்ல. அவள் எப்போதும் அப்படித்தான். அதை நாம் பார்ப்பதற்கு இதுவரை ஒரு சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு குணம் வெளிப்படுவதும் ஒரு குணம் மாறுவதும் வேறுவேறு. வாசகருக்கு ஆச்சரியமாக இருப்பதை வைத்து மாற்றத்தைத் தீர்மானிக்க முடியாது.

இனி அஹ்மதிடம் வருவோம். அவர் மாறிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிற இடங்கள் முந்நூலில் மூன்று உண்டு.

முதலாவது, வெளியேற்றிய மனைவியைத் திரும்ப அழைப்பது. அதற்குச் சற்று முன்னர் இன்னொரு விசயமும் நடந்திருந்தது. இளைய மகள் ஆயிஷாவைப் பெண் கேட்டு ஒரு பொலிஸ் அதிகாரி வந்தார். மூத்தவள் கதீஜா இருக்க இளையவளைக் கட்டிக் கொடுப்பதில்லை என்று அஹ்மத் மறுத்துவிட்டார். பிறகு ஷவ்கத் குடும்பத்து மூதாட்டி, அவருக்கு மரியாதைக்குரியவர், தன் மகனுக்கு அதே ஆயிஷாவைக் கேட்டு வருகிறார். இந்த முறை அஹ்மத் சம்மதிக்கிறார். கதீஜா இன்னும் கலியாணம் முடிக்காமல்தான் இருக்கிறாள். கலியாணப் பேச்சு வந்த வீட்டில் தாய் இல்லாமல் இருப்பது அழகில்லை. அமீனாவும் திரும்பி வருகிறாள்.

ஒரே கேள்விக்கு முதலில் 'இல்லை', பிறகு 'ஆம்'. மேலோட்டமாகப் பார்த்தால் மனம் மாறிய மனிசன். ஆனால் இரண்டு தடவையும் அவர் பார்த்தது ஒன்றைத்தான்: தன் தகுதி, தன் சொல்லின் கனம், தான் மதிக்கிறவர்களுக்கு முன்னால் தன் நிலை. மகளின் விருப்பம் முதல் தடவையும் கணக்கில் இல்லை, இரண்டாம் தடவையும் இல்லை. முடிவு மாறியது, முடிவெடுக்கும் முறை மாறவில்லை. ஒரு பாத்திரத்தின் இரண்டு தீர்மானங்களை ஒப்பிடும்போது எதைத் தீர்மானித்தார் என்பதோடு நின்றுவிடாமல், எதை வைத்துத் தீர்மானித்தார் என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது.

இரண்டாவது இடம் இதைவிடக் கனமானது. 1919 எழுச்சியில் மகன் பஹ்மி ஈடுபடுகிறான். ஸஃத் ஸக்லூல் விடுதலையானதைக் கொண்டாடும் அமைதியான ஊர்வலத்தில் போகும்போது சுடப்பட்டு இறக்கிறான். முதல் நாவல் அந்த மரணத்தோடு முடிகிறது. இரண்டாம் நாவல் ஐந்து வருஷம் கழித்துத் திறக்கிறது. அந்த ஐந்து வருஷமும் அஹ்மத் பெண்களை நெருங்கவில்லை என்று நாம் அறிகிறோம். யாரும் தடுக்கவில்லை. உடம்பில் பலம் இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, கூட்டாளிமார் வா வா என்கிறார்கள். இருந்தும் விலகியிருக்கிறார். ஒரு சிறுகதை எழுத்தாளர் இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நாம் எல்லாரும் மாற்றம் என்றுதான் எழுதியிருப்போம்.

மஹ்பூழ் முடிக்கவில்லை. அஹ்மத் பழைய சபைக்குத் திரும்புகிறார். முன்பு அலட்சியமாகப் பார்த்த ஊத் வாத்தியக்காரி ஸன்னூபாவிடம் மயங்கி, அவளுக்கு நைல் நதியில் ஒரு படகு வீடு எடுத்துக் கொடுக்கும் அளவுக்குப் போகிறார். ஐந்து வருஷம் அவரைத் தடுத்து வைத்தது துக்கம். துக்கம் ஆறியதும் தடையும் ஆறிவிட்டது. அந்த ஐந்து வருஷம் பொய் என்று சொல்லமாட்டேன். அது மெய்யான துக்கம். ஆனால் துக்கம் ஒரு நிலை. நிலை கடந்துபோகும். நிலை கடந்த பிறகும் நிற்பதுதான் மாற்றம், அதைக் காண்பதற்குக் கதைக்குள் காலம் வேண்டும். மாற்றத்தின் கணத்திலேயே முடிகிற கதை நமக்கு அந்தச் சோதனையைத் தருவதில்லை.

மூன்றாவது இடம் முதுமை. மூன்றாம் நாவலில் இரத்த அழுத்தமும் இதய நோயும் அவரை முடக்குகின்றன. வைத்தியர் குடியை நிறுத்தச் சொல்கிறார். கடையை விட்டுவிடுகிறார். கூட்டாளிமார் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். இப்போது அமீனாதான் நாளாந்தம் வெளியே போகிறாள்: ஹுஸைன் பள்ளி, ஸெய்யிதா ஸைனப் பள்ளி என்று. அஹ்மத் மரச்சட்டப் பலகணிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு தெருவைப் பார்த்தபடி அவள் வரும்வரை காத்திருக்கிறார். முதல் நாவலின் முதல் காட்சியில் அதே வகைப் பலகணிக்குப் பின்னால் நின்று அவருக்காகக் காத்திருந்தவள் அவள். அன்று ஒரு தடவை பள்ளிக்குப் போனதற்காக வீட்டை விட்டே அனுப்பியவர், இன்று தினமும் போகிறவளை ஒன்றும் சொல்வதில்லை.

இதை வாசிக்கும்போது மனம் இளகாதவர்கள் குறைவு. முந்நூலைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர், பாருங்கள், கொடுங்கோலர் எவ்வளவு கனிந்துவிட்டார் என்பார்கள். கனிந்தாரா?

இதற்கு மேற்கத்தைய விமர்சன நூல்களைவிட உதவியான ஓர் இடம் நம்மிடமே இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் தௌபாவைப் பற்றிய பகுதியில் ஒரு கேள்வியை எழுப்புகிறார். ஒருவன் முன்பு விபசாரம் செய்தவன், பின்னால் ஆண்மை இழந்துவிட்டான். இப்போது அந்தப் பாவத்திலிருந்து தௌபாச் செய்கிறேன் என்றால் அது தௌபாவாகுமா? இமாமவர்களின் விடை, சாதாரணமாக ஆகாது என்பது. தௌபா என்பது தன்னால் செய்யக்கூடிய ஒன்றை விட்டுவிடும் உறுதியைப் பிறப்பிக்கிற வருத்தம். செய்ய முடியாமல் போன ஒன்றை அவன் விடவில்லை, அது தானாகவே இல்லாமல் போய்விட்டது. ஆனால் ஒரு விதிவிலக்கையும் வைக்கிறார். இயலாமைக்குப் பிறகும் அந்தப் பாவத்தின் கேடு அவனுக்கு விளங்கி, ஆசை திரும்பி வந்தாலும் அதைப் பொசுக்கி அடக்கிவிடும் அளவுக்கு வருத்தம் கனன்றால், அது அவனுடைய பாவத்தை அழிக்கும் என்று ஆதரவு வைக்கலாம் என்கிறார்.

இமாமவர்கள் நாவல் விமர்சனம் எழுதவில்லை. ஆன்மாவின் நோய்க்கு மருந்து சொன்னார். ஆனாலும் ஒரு பாத்திரம் மாறியதா என்று கேட்பவருக்கு இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கண்டதில்லை: அவர் அதை விட்டாரா, அது அவரை விட்டுப் போனதா?

அஹ்மதை இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்துவோம். குடியை வைத்தியர் நிறுத்தினார். சபையை மரணம் கலைத்தது. வீட்டின் மீதிருந்த பிடியை நோய் தளர்த்தியது. விட்டது அவரல்ல. அப்படியானால் விதிவிலக்குப் பொருந்துமா? அவருடைய கிழவயது நினைவுகளைப் பார்க்கவேண்டும். அவர் ஏங்குவது போய்விட்ட இரவுகளுக்கும் போய்விட்ட கூட்டாளிகளுக்கும்தான். பலம் திரும்பக் கிடைத்தால் எங்கே போவார் என்பதில் வாசகருக்குச் சந்தேகம் வருவதற்கு மஹ்பூழ் இடம் வைக்கவில்லை. அமீனாவை அன்று வெளியேற்றியது அநியாயம் என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்கிற காட்சியும் முந்நூலில் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு பேச்சுக்கு இடமில்லாமல் போனது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அமீனாவின் மேலிருந்த கட்டு, அஹ்மத் நோயில் விழுந்த பிறகுதான் தளர்ந்தது என்றில்லை. பஹ்மியின் மரணத்தோடேயே அது தளரத் தொடங்குகிறது. அப்போது அவருக்குப் பலம் இருந்தது, மறுத்திருக்கலாம். இதை நான் மாற்றத்தின் ஒரு கீற்றாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீற்று எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அவர் கொடுப்பது சலுகை. பிள்ளையை இழந்த தாய்க்கு இரக்கம். போவது அவளுடைய உரிமை, தான் அதை இவ்வளவு காலம் தடுத்து வைத்திருந்தேன் என்ற எண்ணம் அதற்குள் இல்லை. கொடுக்கிற கை அதே கைதான்.

அப்படியானால் அஹ்மத் மாறாப் பாத்திரம். நாவலுக்கு அது குறையா? கொஞ்சமும் இல்லை. அவர் அப்படியே நிற்பதால்தான் எகிப்து அவரைச் சுற்றி எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது. பேரன்மாரில் ஒருவன் இஃக்வான் இயக்கத்தில், இன்னொருவன் கம்யூனிஸ்ட் கட்சியின் பக்கம். இருவரும் வீட்டுக்குள்ளேயே வாதம் பண்ணுகிறார்கள். பாட்டன் மட்டும் அசையாத கம்பம் போல. கம்பமும் சேர்ந்து நகர்ந்தால் தூரத்தை எதை வைத்து அளப்பது?

மெய்யாக மாறுகிறவன் கமால்தான். ஹுஸைன் (ரழி) அவர்களின் தலை அந்தப் பள்ளியில் அடங்கியிருக்கிறது என்று உருகி நின்ற சின்னப் பையன், அது அப்படியல்ல என்று பின்னாளில் அறிகிறபோது உள்ளே ஒன்று உடைகிறது. ஆயிதா மீதான காதல் தோற்கிறது. வாப்பா விரும்பிய சட்டக் கல்வியை மறுத்து ஆசிரியக் கல்லூரிக்குப் போகிறான். டார்வினின் கொள்கை பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதற்காக வாப்பாவின் முன்னால் நிற்கவேண்டி வருகிறது. அவனுடைய ஈமான் கரைந்துபோகிறது. நமது வாசகருக்கு இது கசப்பான மாற்றம். ஆனாலும் மாற்றம்தான். மாறும் பாத்திரம் என்றால் திருந்தும் பாத்திரம் என்று பொருளில்லை, கெட்டும் மாறலாம். கமாலிடமும் மாறாத ஒன்று உண்டு என்பதுதான் சுவாரஸ்யம். அந்தக் கட்டுரைக் காட்சியில் அவனுடைய சிந்தனை முழுக்க வேறாகிவிட்டது, ஆனால் வாப்பாவின் முன்னால் நடுங்குகிற நடுக்கம் பத்து வயதில் இருந்த அதே நடுக்கம். கொள்கை மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை. ஆகவே ஒரு பாத்திரம் மாறியதா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, எது மாறியது, எது அப்படியே இருக்கிறது என்று கேட்டால் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போது அந்த ஆசுபத்திரிக் கட்டில் வாப்பாவிடம் திரும்பிப் போகலாம். அவர் "நீ போய்ப் படி மகள்" என்று சொன்னபோது அவரால் மறுக்க முடிந்ததா? முடியவில்லை. மூச்சுக்கே மகளின் கையைப் பிடித்திருக்கிறார். அவருடைய கண்ணீர் மெய்யாக இருக்கலாம். அஹ்மதின் ஐந்து வருஷத் துக்கமும் மெய்தான். எழுத்தாளர் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான், கஷ்டமான வேலை. வாப்பாவைச் சுகமாக்கி வீட்டுக்கு அனுப்பவேண்டும். மூன்று மாதம் போகட்டும். பழையபடி கடைக்குப் போகட்டும், பழையபடி சோற்றில் உப்பில்லை என்று சத்தம் போடட்டும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் அப்போது வரட்டும். ஒலுவில் என்றால் பரவாயில்லை, பேராதனை என்று வந்திருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவின் முன்னால் மகள் படிவத்தை வைக்கட்டும். அன்றைக்குச் சொன்னது ஞாபகத்தில் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு மறுக்கவும் முடியும். மூத்த தம்பி வந்து, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டுவிட்டும் போயிருக்கிறார்.

அவர் பேனையை எடுக்கிறாரா இல்லையா என்பது எழுத்தாளரின் விருப்பம். எடுத்தால் அந்தக் கையெழுத்துக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று நமக்குத் தெரியும். எடுக்காமல், "அப்ப நான் சுகமில்லாமக் கிடந்தேனே மகள்" என்று கடிதத்தை மடித்து வைத்தாலும் அது முன்னதைவிட நல்ல கதைதான். அந்த வாப்பாவை நமக்குத் தெரியும்.